கோலாலம்பூரிலிருந்து ஊர் திரும்பி நல வாரியத்தில் பதிபவர்களுக்கு: 90 நாள் கணக்கு பற்றிய கேள்வி பதில்

நான் கோலாலம்பூரில் ஒரு கட்டுமானத் தளத்தில் டைம் கீப்பர். காலையில் வந்த ஆளுக்குப் பெயர் போடுவது, மாலையில் ஓவர்டைம் எழுதுவது, மாதக் கடைசியில் நாளைக் கூட்டிக் கணக்கறைக்குக் கொடுப்பது என் வேலை. புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், திருவாரூர்ப் பக்கத்து ஆட்கள்தான் எங்கள் தளத்தில் அதிகம். பெர்மிட் முடிந்து ஊர் போகிறவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவதைப் பற்றி என்னிடம் கேட்பது வழக்கம். பிள்ளை படிப்பு, மகள் கல்யாணம், பேறுகால உதவி, ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பதிவின் மேல்தான் நிற்கின்றன. பதிவு நிற்பதோ வேலை பார்த்த நாளுக்கான சான்றின் மேல். எங்கள் ஆட்கள் தடுக்கி விழுவது அந்த ஒரு இடத்தில்தான் என்பதால் அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

"கோலாலம்பூரில் ரெண்டு வருஷமும் கட்டட வேலைதானே பார்த்தேன், அந்த நாளெல்லாம் கணக்கில் வராதா?"

வராது. கேட்கிறவர்களுக்கு இது வருத்தமான பதில்தான். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் பின்னால் வரும் வருத்தம் இன்னும் பெரிது.

கட்டடத் தொழிலாளி பயனாளியாகப் பதிவதற்கான தகுதியை இந்தியாவின் 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் 12ஆம் பிரிவில் வைத்தது. வயது 18 முடிந்திருக்க வேண்டும், 60 முடிந்திருக்கக் கூடாது, முந்தைய 12 மாதங்களில் 90 நாளுக்குக் குறையாமல் கட்டுமான வேலை பார்த்திருக்க வேண்டும். பின்னால் வந்த 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே 90 நாளைத்தான் வைத்திருக்கிறது. இந்தச் சட்டங்களின் எல்லை இந்தியாவோடு முடிகிறது. செராஸிலோ காஜாங்கிலோ எழுப்பிய சுவர் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இந்தியாவில் கட்டடம் கட்டுகிறவர், கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தை நல வரியாகக் கட்டுகிறார். சொந்தக் குடியிருப்புக்குக் குறிப்பிட்ட தொகைக்குள் கட்டுபவர்களுக்கு விலக்கு உண்டு, 1996 சட்டத்தில் அது பத்து லட்சம் ரூபாயாக இருந்தது. அந்த வரிதான் வாரியத்தின் நிதி. மலேசியாவிலும் குத்தகை மதிப்பு 5 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் போனால் 0.125 சதவீதம் லெவி உண்டு. ஆனால் அது இங்குள்ள கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்துக்குப் போகிறது. நீங்கள் இங்கே கட்டிய கொண்டோமினியத்திலிருந்து ஊர் வாரியத்துக்கு ஒரு காசும் போயிருக்காது.

"90 நாள் என்றால் எந்த 90 நாள்?"

விண்ணப்பம் கொடுக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி 12 மாதம் எண்ணுங்கள். அந்த 12 மாதத்துக்குள் உண்மையாக வேலைக்குப் போன நாள் 90 இருக்க வேண்டும். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை என்றோ, ஏப்ரலிலிருந்து மார்ச் வரை என்றோ எடுத்துக்கொள்வது தவறு. நீங்கள் விண்ணப்பத் தேதியை ஒரு மாதம் தள்ளினால் அந்த 12 மாதமும் ஒரு மாதம் நகரும். புதிதாக ஒரு மாதம் உள்ளே வரும், பழைய மாதம் ஒன்று வெளியே போகும்.

ஊரிலேயே இருப்பவருக்கு இந்த நகர்வு பெரிதாகத் தெரியாது, வருஷம் முழுக்க அங்கங்கே வேலை இருக்கும். வெளிநாடு போய் வந்தவருக்குத்தான் இதில் எல்லாமே இருக்கிறது. வந்து இறங்கியதும் அவருடைய 12 மாதம் காலியாக இருக்கும். இங்கிருந்து போன பிறகு ஒவ்வொரு நாளாக அதை நிரப்ப வேண்டும்.

"ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 90 நாள் பார்த்திருக்கணுமா?"

வேண்டாம். ஒரு வீட்டில் 20 நாள் பூச்சு வேலை, இன்னொரு இடத்தில் 35 நாள் கட்டு வேலை, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரில் 12 நாள் என்று சேர்த்துக்கொள்ளலாம். புதுக் கட்டடமாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பழுது பார்ப்பது, பராமரிப்பு, இடிப்பது எல்லாமே கட்டுமான வேலை என்று சட்டம் சொல்கிறது. சாலை, வாய்க்கால், பாலம், குழாய் பதிப்பது எல்லாம் அதில் அடக்கம். எங்கள் ஆட்கள் சிலர் "அது சில்லறை வேலைதானே" என்று ஒட்டு வேலை நாட்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், அந்த நாளும் நாள்தான்.

ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகச் சான்று வேண்டியிருக்கும் என்பது மட்டும்தான் இதில் சிரமம்.

"சான்றிதழில் 94 நாள் என்று போட்டுத் தந்துவிட்டார்கள், அப்படியே கொடுத்துவிடலாமா?"

இதே கேள்வியை 2025 பிப்ரவரியில் அறந்தாங்கிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார். எங்கள் தளத்தில் பதினைந்து மாதம் இருந்தவர், என்னை அண்ணே என்று கூப்பிடுவார். மூத்த மகள் பிளஸ் டூ. படிப்பு உதவி கேட்பதற்கு முன்னால் வாரியத்தில் பதிந்தாக வேண்டும். உள்ளூர் ஒப்பந்ததாரர் ஒருவர் எழுதிக்கொடுத்த தாளைப் படம் பிடித்து அனுப்பி, "பார்த்துச் சொல்லுங்கண்ணே, நாளைக்குப் போய்க் கொடுக்கப் போறேன்" என்றார்.

தாளில் இருந்தது இதுதான்: 1.11.2024 முதல் 2.2.2025 வரை, மொத்தம் 94 நாள், கொத்தனார் வேலை.

படித்ததும் திக்கென்றது. 2024 நவம்பர் 19 வரை கோலாலம்பூரில் அவருக்கு வருகை போட்டது நான். 20ஆம் தேதி இங்கிருந்து விமானம் ஏறினார். குடிநுழைவு முத்திரை அவர் பாஸ்போர்ட்டிலேயே இருக்கிறது. நவம்பர் 1ஆம் தேதி அவர் எப்படி அறந்தாங்கியில் சுவர் எழுப்பியிருக்க முடியும்?

ஒப்பந்ததாரரிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 90க்கு மேல் வர வேண்டும் என்று பின்னோக்கி எண்ணி ஒரு தேதி போட்டுவிட்டார். நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31, பிப்ரவரி 2, ஆகக் கூட்டினால் 94. அதாவது காலண்டரில் இருக்கிற அத்தனை நாளும், ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் உட்பட, வேலை நாள் என்று எழுதப்பட்டிருக்கிறது. நாளைக் கூட்டிப் பழகிய யார் கண்ணுக்கும் இது முதல் பார்வையிலேயே தெரியும். இடைவெளியே இல்லாத கூலி வேலை எங்கேயும் கிடையாது.

நான் அவரைக் கூப்பிட்டு, போனிலேயே இருவரும் உட்கார்ந்து உண்மைக் கணக்கைப் போட்டோம். ஊர் போய் நாலைந்து நாள் கழித்து, நவம்பர் 25 திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போயிருக்கிறார். அன்றிலிருந்து பிப்ரவரி 2 வரை காலண்டரில் மொத்தமே 70 நாள்தான். தலைகீழாக நின்றாலும் அதற்குள் 90 வராது. அதில் ஞாயிறு 10, மிச்சம் 60. போகியிலிருந்து காணும் பொங்கல் வரை 4 நாள் போகவில்லை, 56. மழையில் 7 நாள் வேலை நின்றது, 49. சிமெண்ட் வராமலும் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கும் 5 நாள், கடைசியில் நின்றது 44.

இன்னும் 46 நாள் வேண்டும். "ரெண்டு மாசம்தான், பொறு தம்பி" என்றேன். மகள் பரீட்சைக்குள் வேலை முடிய வேண்டுமே என்று அவருக்கு அவசரம், எனக்கு அது புரிந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டார். பிப்ரவரி 3லிருந்து நாள் தவறாமல் எழுதி வந்தார். ஏப்ரல் 9 புதன்கிழமை அவருடைய தொண்ணூறாவது நாள். அந்த இடைவெளியில் 9 ஞாயிறு கழித்து 57 வேலை நாள் இருந்தது, அதில் 11 நாள் வேலை கிடைக்கவில்லை. ஆக 46 சரியாக வந்தது. சித்திரை முதல் நாள் கழிந்து ஏப்ரல் 15ஆம் தேதி விண்ணப்பித்தார். அன்றைக்குப் பின்னோக்கி 12 மாதம் என்றால் 2024 ஏப்ரல் 15 முதல். அவர் ஊரில் வேலை பார்த்த எல்லா நாளும் அதற்குள் விழுந்தது. பதிவு கிடைத்தது.

பொய்த் தாளைக் கொடுத்திருந்தால் ஒருவேளை அப்போது கவனிக்காமலே போயிருக்கலாம். ஆனால் வாரியத்தில் பெரிய தொகை கேட்கும் நாள் நல்ல நாளாக இருக்காது. விபத்தில் ஊனம், இல்லையென்றால் சாவு. அப்போது கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவார்கள். விண்ணப்பித்தவர் பதில் சொல்ல இருக்க மாட்டார், அவர் மனைவிதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாஸ்போர்ட்டில் ஒரு தேதி, சான்றில் ஒரு தேதி என்று அவர் கையில் விட்டுவிட்டுப் போவது நியாயமில்லை.

"சரி, நாளை எப்படி எழுதி வைப்பது?"

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஊரில் வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து, ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, கிழமை, யார் வீடு அல்லது எந்தத் தளம், என்ன வேலை, முழு நாளா அரை நாளா, வாங்கிய கூலி. இடம் மாறும்போது அந்த இடத்து உரிமையாளரையோ மேஸ்திரியையோ பக்கத்தின் அடியில் கையெழுத்தும் போன் நம்பரும் போடச் சொல்லுங்கள். வேலை முடிந்து கூலி வாங்கும் அன்றே கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டால், "அப்ப எத்தனை நாள் வந்தே, ஞாபகமில்லையே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான்.

வேலை இல்லாத நாளையும் எழுதுங்கள் என்று நான் சொல்வதுண்டு. "மழை", "மணல் வரவில்லை", "திருவிழா" என்று ஒரு சொல் போதும். டைம் கீப்பர் வேலையில் நான் கற்றது இது. வராத நாளும் எழுதப்பட்டிருக்கும் புத்தகத்தைத்தான் கணக்குப் பார்ப்பவர் நம்புவார். எல்லா வரியும் ஒரே மையில், ஒரே நாளில் எழுதியது போலிருந்தால் அது ஒரு புரட்டலில் தெரிந்துவிடும்.

அரை நாளை முழு நாளாகக் காட்டாதீர்கள். இரண்டு அரையை ஒன்றாகக் கூட்டிக்கொள்ளுங்கள். 90ஐத் தொட்டதும் ஓடாமல் ஒரு வாரம் பத்து நாள் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு போனால், ஏதாவது ஒரு இடத்துச் சான்றை ஏற்காவிட்டாலும் கணக்கு 90க்குக் கீழே போகாது.

நோட்டு மட்டும் சான்றாகிவிடாது. சான்று எழுதிக் கொடுப்பவருக்கு அது ஆதாரம், உங்களைக் கேள்வி கேட்டால் உங்களுக்கு அது நினைவு. கூலியைக் கையில் வாங்காமல் கூகுள் பே மூலமோ வங்கி வழியாகவோ வாங்கினால், தேதியோடு பதிவாகி அதுவும் நோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்.

"சான்றில் யார் கையெழுத்துப் போடணும், என்ன எழுதணும்?"

வேலை கொடுத்தவர் போடுவதுதான் நேரான வழி. ஒப்பந்ததாரரோ, வீடு கட்டும் உரிமையாளரோ போடலாம். கூலி வேலையில் ஒரே ஒருவரைப் பிடிக்க முடியாதபோது பதிவுபெற்ற கட்டுமானத் தொழிற்சங்கம் வழியாகப் போவது வழக்கம். போகும் முன் உங்கள் மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையரின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு, அப்போது நடப்பில் உள்ள படிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் tnuwwb.tn.gov.in தளத்திலும் விண்ணப்பிக்கலாம்.

சான்றில் உங்கள் பெயர் ஆதாரில் உள்ளபடி, வேலையின் பெயர், வேலை நடந்த இடத்தின் முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அதற்குள் எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள் என்பவை இருக்க வேண்டும். தேதியும் நாள் எண்ணிக்கையும் தனித்தனியாக இருப்பதுதான் முக்கியம். "25.11.2024 முதல் 2.2.2025 வரையான காலத்தில் 44 நாள்" என்று எழுதினால் அது உண்மையான ஆள் கணக்கு மாதிரி இருக்கும். "முதல், வரை" மட்டும் இருந்தால் பார்ப்பவர் அவர் விருப்பப்படி எண்ணுவார். சான்றின் தேதி விண்ணப்பத் தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது. சிரிப்பு வரலாம், ஆனால் அவசரத்தில் இந்தத் தவறு நடக்கிறது.

பதிவாகி அட்டை கிடைத்த பிறகும் இது தொடர வேண்டும். பார்த்த வேலையின் விவரத்தை எழுத அடையாள அட்டையிலேயே இடம் விட வேண்டும், வேலை கொடுத்தவர் அதை எழுதிக் கையொப்பம் போட வேண்டும் என்று 1996 சட்டத்தின் 13ஆம் பிரிவு சொன்னது. எங்கள் ஆட்கள் அட்டையை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். நோட்டையாவது நிறுத்தாதீர்கள்.

"பாஸ்போர்ட்டில் ஒரு பேர், ஆதாரில் ஒரு பேர், ஏதாவது சிக்கல் வருமா?"

வரும். ஊரில் நாம் 'கா. முருகேசன்' என்று இருப்போம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து 'முருகேசன் காளிமுத்து' என்று வந்திருக்கும். இங்கே வங்கிக் கணக்கும் பெர்மிட்டும் அந்த நீண்ட பெயரில். ஊர் திரும்பிப் புதிதாக வங்கிக் கணக்கு தொடங்குபவர் சில நேரம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துத் தொடங்கிவிடுகிறார். அப்புறம் வாரிய அட்டை ஆதார் பெயரில், பணம் போக வேண்டிய கணக்கு பாஸ்போர்ட் பெயரில். வாரியத்துக்குக் கொடுக்கும் எல்லாத் தாளிலும் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றும் ஒரே மாதிரி இருக்கட்டும். இன்ஷியலின் புள்ளி வரை ஒத்துப்போனால் நல்லது.

"ஊரிலிருந்து கிளம்பும் முன்னாடியே பதிந்துவிட்டு வந்தால் பிரச்சினை இல்லையே?"

பாதி சரி. கிளம்பும் முன் 12 மாதத்தில் 90 நாள் இருக்கும்போதே பதிந்துகொள்வது நல்லது. அந்த உரிமை அப்போது உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் ஒரு வருஷத்தில் 90 நாள் கட்டுமான வேலையில் இல்லாவிட்டால் பயனாளி என்ற நிலை போய்விடும் என்று 1996 சட்டத்தின் 14ஆம் பிரிவு சொன்னது. முழுதாக இரண்டு வருஷம் கோலாலம்பூரில் இருப்பவருக்கு ஊர்க் கணக்கில் நாளே சேராது. எட்டு மாதத்தில் திரும்புகிறவருக்கு மிச்ச நாலு மாதத்தில் 90 நாள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

நீங்கள் இங்கே இருக்கும்போது ஊரில் யாராவது உங்கள் பெயரில் 90 நாள் சான்று வாங்கிப் புதுப்பித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அறந்தாங்கிக்காரர் தாளில் இருந்த அதே பொய்தான் அது, இரண்டு வருஷ அளவுக்கு நீண்ட பொய்.

வெளிநாட்டில் இருக்கும் காலத்துக்கு வேறு வாரியம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அயலகத் தமிழர் நல வாரியம் அது. அதற்குக் கட்டுமான நாள் கணக்கு தேவையில்லை, nrtamils.tn.gov.in தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். கட்டுமான வாரியத்தில் கிடைப்பதற்கு அது ஈடாகாது, ஆனால் இங்கே இருக்கும்போது நேர்மையாகச் சேரக்கூடிய இடம் அது.

"என் வீட்டுக்காரியும் சித்தாள் வேலைக்குப் போகிறாள், அவள் பெயரில் பதியலாமா?"

கண்டிப்பாகப் பதியுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும் ஆண்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம். புருஷன் கோலாலம்பூரில், மனைவி ஊரில் கலவை சுமந்துகொண்டிருக்கிறார். கட்டுமானத் தொழிலாளி அந்த வீட்டில் இப்போது அவர்தான். 90 நாளும் அவரிடம்தான் இருக்கிறது. கணவர் பெயரில் பொய்க் கணக்கு காட்ட அலைவதற்குப் பதில், மனைவி பெயரில் உண்மைக் கணக்கு எழுதினால் பிள்ளையின் படிப்பு உதவிக்கு வழி கிடைக்கும்.

மேலே சொன்ன நோட்டை அவருக்கும் வாங்கிக் கொடுங்கள். சித்தாளுக்கு அன்றன்றைக்குக் கூலி கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், மேஸ்திரியின் கணக்குப் புத்தகத்தில் "பெண் ஆள் 3" என்று எண்ணாக மட்டும் இருப்பார், பெயர் இருக்காது. அதனால் அவருக்குத்தான் சொந்த நோட்டு அதிகம் தேவை.

"வேலையில் அடிபட்டுப் படுத்திருந்த நாளெல்லாம் என்ன ஆகும்?"

பதிவில் இருக்கும் தொழிலாளி வேலை விபத்தில் அடிபட்டு வர முடியாமல் போனால், பயனாளி நிலை போய்விட்டதா என்று 90 நாளைக் கணக்கிடும்போது அந்தக் காலத்தைத் தள்ளிவிட்டு எண்ண வேண்டும் என்று அதே 14ஆம் பிரிவு சொன்னது. ஆஸ்பத்திரிச் சீட்டு, டிஸ்சார்ஜ் தாள் இவற்றைத் தேதியோடு வைத்திருங்கள்.

கோலாலம்பூரில் அடிபட்டால் அதற்கு இடம் மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ. 2019 ஜனவரி 1 முதல் பெர்மிட்டில் வேலை பார்க்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். மருத்துவ விடுப்பு நாலு நாள் அல்லது அதற்கு மேல் இருந்தால் தற்காலிக இயலாமைத் தொகை உண்டு, சராசரி நாள் சம்பளத்தில் 80 சதவீதம். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதை முடிக்காமல், "ஊரில் போய்ப் பார்த்துக்கொள்" என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். ஊர் வாரியத்தில் அந்த விபத்துக்குக் கதவு இல்லை.

"எனக்கு 57 ஆகிவிட்டது, இன்னும் ரெண்டு வருஷம் இங்கே இருக்கலாமா?"

ஓய்வூதியம் வேண்டும் என்றால் இந்தக் கேள்விக்கு இன்றைக்கே உட்கார்ந்து யோசியுங்கள். 60 முடிந்தால் புதிதாகப் பதிய முடியாது. 60 முடிவதற்கு முன்னால் குறைந்தது மூன்று வருஷம் விடாமல் பயனாளியாக இருந்தவருக்கு அதன் பிறகான பலன்கள் என்று சட்டம் வைத்தது. கணக்கு நேரடியானது. பயனாளியாக 57 முடியும்போதே உள்ளே இருக்க வேண்டும். அதற்கு முன் 90 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். மழையும் திருவிழாவும் கழித்தால் 90 நாளுக்கு நாலரை மாதம் பிடிக்கிறது, அறந்தாங்கிக்காரருக்கும் அவ்வளவுதான் பிடித்தது. ஆக ஐம்பத்தாறரை வயதில் ஊரில் கரண்டி பிடித்திருக்க வேண்டும்.

57 கடந்துவிட்டது என்றால் பதிவதே வீண் என்று விட்டுவிடாதீர்கள், மற்ற உதவிகளுக்கு அந்தப் பதிவு நிற்கும். ஓய்வூதியம் பற்றி மட்டும் மாவட்ட அலுவலகத்தில் உங்கள் பிறந்த தேதியைக் காட்டி நேரில் கேளுங்கள்.

"அப்போ இங்கே வாங்கிய சம்பளச் சிலிப், பஞ்ச் கார்டு எல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா?"

போடாதீர்கள். ஊர் வாரியத்துக்குத்தான் அவை உதவாது. சம்பள பாக்கி, ஓவர்டைம் குறைவு என்று தொழிலாளர் இலாகாவுக்குப் போனாலும், சொக்சோவுக்குப் போனாலும் முதலில் கேட்பது அவற்றைத்தான். கொங்சி வீட்டில் கட்டிலுக்கடியில் வைத்தால் ஈரத்தில் போய்விடும். மாதாமாதம் போனில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பி வையுங்கள்.

"விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள், இனி என்ன செய்வது?"

முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நாள் குறைகிறது என்பதுதான் காரணம் என்றால், அது உண்மையா என்று உங்கள் நோட்டை வைத்து நீங்களே எண்ணுங்கள். உண்மையிலேயே குறைந்தால் மேல்முறையீடு தேவையில்லை, மிச்ச நாளைப் பார்த்துவிட்டுப் புதிதாக விண்ணப்பிப்பதுதான் சீக்கிரமான வழி. விண்ணப்பத் தேதியோடு 12 மாதமும் நகரும் என்பதை மறக்காமல், பழைய நாட்கள் வெளியே போவதற்குள் கொடுத்துவிடுங்கள்.

நாள் சரியாக இருக்கிறது, சான்றை நம்பவில்லை என்றால் அது வேறு. வாரியச் செயலாளரிடம் மேல்முறையீடு செய்ய 1996 சட்டம் 30 நாள் கொடுத்தது. அந்த 30 நாளையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டின் நகல், ஒவ்வொரு இடத்து உரிமையாளரின் முகவரியும் போன் நம்பரும், வங்கியில் கூலி வந்த பக்கம், ஊர் வந்து சேர்ந்த முத்திரையுள்ள பாஸ்போர்ட் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பாஸ்போர்ட் பக்கத்தை நீங்களாகவே காட்டுவது நல்லது. வந்த தேதி இது, அதற்குப் பிறகு பார்த்த நாள் இது என்று இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். அறந்தாங்கிக்காரர் ஏப்ரலில் தன் விண்ணப்பத்தோடு அந்தப் பக்கத்தின் நகலையும் வைத்துத்தான் கொடுத்தார்.